ஆண்டுப் பரிசோதனையும் மேலதிகப் பரிசோதனைகளும்

நோய் வந்த பின் வைத்தியரை நாடுவது பழைய வழக்கம். நோயின் குறி எதுவும் தோன்றாதபோதே ஆண்டுக்கு ஒருமுறை உடலைச் சோதித்துக்கொள்வது இக்கால வழக்கமாகி வருகின்றது. நம் நாட்டு நகரங்களிலுள்ள தனியார் வைத்தியசாலைகள் பல, வெவ்வேறு பரிசோதனைகளை ஒரு தொகுதியாகக் கட்டி, அத்தொகுதிக்கு ஒரே கட்டணம் விதித்து வழங்குகின்றன. அங்கே கொடுக்கப்படும் தாளில் சிறியது, நடுத்தரமானது, பெரியது எனச் சில தொகுதிகள் இருக்கும். கட்டணம் ஏற ஏறப் பரிசோதனைகளின் எண்ணிக்கையும் ஏறும். அத்தொகுதிகளுக்கு அப்பால், தனித்தனியே பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளக்கூடிய மேலதிகப் பரிசோதனைகளின் பட்டியல் ஒன்றும் அடியிற் காணப்படும். கூடிய பணம் கொடுத்தாற் கூடிய பாதுகாப்புக் கிடைக்கும் என எண்ணுவது மனித இயல்பு. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

முதலிற் சிறிய தொகுதியில் அடங்குவன யாவை எனக் காண்போம். உயரமும் நிறையும் அளக்கப்படும், குருதியமுக்கம் பார்க்கப்படும். வெறும் வயிற்றில் எடுக்கப்படும் குருதியிற் சீனியின் அளவும் கொழுப்பின் வகைகளும் கணிக்கப்படும். குருதிக் கலங்கள் எண்ணப்படும். சிறுநீரகத்தின் நிலையை அறியக் கிரியற்றினின் என்னும் பொருளும், ஈரலின் நிலையை அறிய ஒன்றிரண்டு நொதியங்களும் அளக்கப்படும். சிறுநீர் சோதிக்கப்படும். பெரும்பாலும் இதயத்தின் மின்வரைபு ஒன்றும் எடுக்கப்படும். ஈற்றில் வைத்தியர் ஒருவர் முடிவுகளைப் படித்துக் கூறுவார்.

இப்பட்டியல் எளியதாகத் தோன்றினும் இதன் உள்ளே ஒரு நியாயம் உண்டு. உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் பல ஆண்டுகள் எவ்வித வருத்தமும் தராமல் உடலில் இருக்க வல்லவை. வருத்தம் தோன்றும்போது இதயமோ, மூளையோ, சிறுநீரகமோ, கண்ணோ பழுதடைந்திருக்கும். முன்னரே கண்டுகொண்டால், உணவாலும் உடற்பயிற்சியாலும் விலை மலிந்த மாத்திரைகளாலும் அப்பழுதைப் பெரிதும் தடுக்கலாம். மறைந்திருக்கும் நோய், முன்னரே கண்டறியும் வழி, கண்டறிந்தபின் செய்யத்தக்க சிகிச்சை என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்திலேயே பரிசோதனை தன் பயனைத் தருகின்றது.

இனி, மேலதிகப் பரிசோதனைகள் ஏன் விலை கூடியவை? சீனியையும் கொழுப்பையும் அளப்பதற்கு வேண்டிய இரசாயனப் பொருள்கள் மலிவானவை. ஒரே இயந்திரம் மணிக்கு நூற்றுக்கணக்கான குருதி மாதிரிகளை அளந்து தள்ளிவிடும். தைரொயிட்டு ஓமோன், விற்றமின் டீ, புற்றுநோய்க் குறிகாட்டிகள் எனப்படும் பொருள்கள் ஆகியன குருதியில் மிக நுண்ணிய அளவிலேயே உள்ளவை. அவற்றைப் பிடித்து அளப்பதற்கு விசேடமான பிறபொருளெதிரிகள் கொண்ட, இறக்குமதி செய்யப்படும் சோதனைப் பொதிகள் வேண்டும். ஸ்கேன் பரிசோதனைகளுக்கோ விலையுயர்ந்த கருவியும், படத்தைப் படித்துச் சொல்லும் நிபுணரின் நேரமும் வேண்டும். ஆகவே கட்டணம் என்பது அப்பரிசோதனையைச் செய்ய ஆகும் செலவைக் காட்டுகின்றதே யன்றி, சோதிக்கப்படுபவருக்கு அதனால் விளையும் பயனைக் காட்டுவதில்லை.

இதனை விளங்கிக்கொள்ள, ஆய்வுகூடத்து அறிக்கையில் ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் இயல்பான எல்லை எவ்வாறு வகுக்கப்படுகின்றது என்பதை அறிதல் வேண்டும். சுகதேகிகள் பலரின் குருதியை அளந்து, அவர்களுள் நடுவில் நிற்கும் 95 வீதமானவர்களின் அளவுகளை இயல்பானவை என எடுத்துக்கொள்வதே பொது வழக்கம். சீனி, கொழுப்பு ஆகியவற்றின் எல்லைகள் மட்டும் பின்னால் வரக்கூடிய நோயை நோக்கி வேறு முறையில் வகுக்கப்பட்டவை. பொது வழக்கின்படி, எந்த நோயும் இல்லாத நூறு பேரில் ஐவர் எல்லைக்கு வெளியே நிற்பர். ஒரு சோதனைக்கு இது சிறிய தொகை. ஆனால் ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகள் செய்யப்பட்டால், நோயற்ற நூறு பேரில் ஏறத்தாழ 64 பேருக்கு ஏதோ ஒரு முடிவாவது எல்லை கடந்து வரும். நாற்பது சோதனைகளாயின் 87 பேருக்கு அவ்வாறு வரும். உண்மையிற் சோதனைகள் பல ஒன்றோடொன்று தொடர்புடையவை யாதலால் தொகை இதனிலும் சற்றுக் குறையலாம். எனினும் உண்மை இதுவே: சோதனைகளைக் கூட்டக் கூட்ட, சுகதேகியின் தாளிலும் சிவப்பு அடையாளங்கள் கூடும்.

எடுத்துக்காட்டாக, யாழ்ப்பாணத்தில் அலுவலகமொன்றிற் கடமையாற்றும் 46 வயதான எழுதுவினைஞர் ஒருவரைக் கருதுக. அவருக்கு நோயின் குறி எதுவும் இல்லை. புகைக்கும் பழக்கம் மட்டும் உண்டு. சிறிய தொகுதியுடன், குடற் புற்றுநோயோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் சீ.ஈ.ஏ. என்னும் குறிகாட்டியையும் மேலதிகப் பணம் கொடுத்து அவர் சேர்த்துக்கொள்கின்றார். முடிவுகள் வருகின்றன. குருதியமுக்கம் 148க்கு 94. வெறும் வயிற்றுச் சீனி 118 மில்லிகிராம். சீ.ஈ.ஏ. 6, அச்சிடப்பட்ட எல்லை 5.

இம்மூன்றில் அவரைக் கலங்க வைப்பது எது? புற்றுநோய் என்னும் சொல்லே. அந்த ஆறு என்ற எண் அவரைக் கொழும்புக்கு அனுப்புகின்றது. வயிற்றுக்கு ஒரு சீ.ரி. ஸ்கேன், குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை, விடுமுறை நாள்கள், கடனாகப் பெற்ற பணம், உறக்கமற்ற இரவுகள் எனச் சில வாரங்கள் கழிகின்றன. முடிவில் யாதும் இல்லை. புகைப்பவரிடத்துப் புற்றுநோய் இன்றியே இக்குறிகாட்டி சற்று உயர்ந்திருப்பதுண்டு. மறுபுறம், குடற் புற்றுநோய் தொடங்கும் நிலையில் உள்ள பலருக்கு இது உயராமலும் இருக்கும். புற்றுநோய் என முன்னரே உறுதியானவருக்குச் சிகிச்சைக்குப் பின் நோய் மீள்கின்றதா எனக் கவனிப்பதற்கே இது பெரிதும் பயன்படும்; நோயற்றவரிடத்து நோயைத் தேடுவதற்கு ஏற்றதன்று.

இதற்கிடையில் உண்மையான செய்தி மறக்கப்பட்டுவிட்டது. குருதியமுக்கம் 140க்கு 90 என்னும் எல்லையைத் தாண்டி நிற்கின்றது. வேறு நாள்களில், ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின் மீண்டும் அளந்து உறுதி செய்ய வேண்டியது. வெறும் வயிற்றுச் சீனி 100க்கும் 125க்கும் இடையே நிற்பது நீரிழிவின் வாயிலில் அவர் நிற்கின்றார் என்பதற்கு அடையாளம். 126ஐ எட்டி, மறுமுறையும் அவ்வாறே வந்தால் நீரிழிவே. இவ்விரண்டையும் புகைத்தலையும் கவனித்தாற் பிற்காலத்து மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் தடுக்கலாம். மிக மலிவான சோதனைகளே அவருக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டன.

ஒருவருக்கு நேரக்கூடிய இது ஒரு நாட்டுக்கே நேர்ந்ததும் உண்டு. தென் கொரியாவில் 1999 ஆம் ஆண்டு தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஆரம்பமாயிற்று. கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி அத்திட்டத்தில் அடங்கவில்லை. ஆனால், கழியொலி ஸ்கேன் கருவிகள் எங்கும் இருந்தமையால், 30 முதல் 50 அமெரிக்க டொலர் வரையான சிறு மேலதிகக் கட்டணத்துக்கு அச்சுரப்பியையும் பார்த்துத் தருவதாக வைத்தியசாலைகள் கூறின. மக்கள் விரும்பி ஏற்றனர். 2011 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட தைரொயிட்டுப் புற்றுநோய்களின் வீதம் 1993 ஆம் ஆண்டில் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்காயிற்று. அந்நோயால் இறந்தோரின் வீதமோ மாறவே இல்லை.

காரணம் யாது? தைரொயிட்டில் மிகச் சிறிய புற்றுக்கட்டிகள் பலரிடத்து உள்ளன. அவர்களுட் பெரும்பாலார் அதனை அறியாமலே வாழ்ந்து, வேறு காரணத்தால் இறப்பர். அத்தகைய கட்டிகளையே ஸ்கேன் வெளிக்கொணர்ந்தது. கண்டறியப்பட்டோருள் ஏறக்குறைய யாவரும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டனர். சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டவர்கள் வாழ்நாள் முழுவதும் ஓமோன் மாத்திரை உட்கொள்ள நேர்ந்தது. சத்திரசிகிச்சை பெற்றோருள் 11 வீதமானோருக்குக் குருதிக் கல்சியத்தைக் காக்கும் அயற்சுரப்பிகள் பழுதுற்றன; 2 வீதமானோருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014 ஆம் ஆண்டில் அந்நாட்டு வைத்தியர் சிலர் இப்பரிசோதனைக்கு எதிராக வெளிப்படையாகப் பேசினர். ஓராண்டுக்குள்ளேயே சத்திரசிகிச்சைகளின் தொகை 35 வீதத்தால் வீழ்ந்தது.

இதனால் மேலதிகப் பரிசோதனை யாவும் வீண் என்று கொள்ளலாகாது. ஒருவரின் வயது, பால், குடும்ப வரலாறு, உடலிற் கண்ட குறி ஆகியன காரணமாகக் கேட்கப்படும் பரிசோதனை வேறு. பட்டியலில் உள்ளது என்பதற்காகவே கேட்கப்படுவது வேறு. ஐம்பது வயது கடந்த பெண்ணுக்கு மார்பகக் கதிர்ப்படம், மணமான நடுவயதுப் பெண்ணுக்குக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை, தாய்க்கோ தந்தைக்கோ குடற் புற்றுநோய் இருந்தவருக்குக் குடற் பரிசோதனை, காரணமின்றி நிறை கூடிச் சோர்வுற்றவருக்குத் தைரொயிட்டு ஓமோன் பரிசோதனை ஆகியன காரணத்தோடு கூடியவை. இவை பல சமயம் பெரிய தொகுதியில் அடங்காமல் தனிக் கட்டணத்தோடு நிற்பதும் உண்டு. அவ்விடத்திற் கொடுக்கும் பணம் தகுந்த பணமே.

ஆதலால் மேலதிகப் பணம் செலுத்துமுன் வைத்தியரிடம் மூன்று கேள்விகள் கேட்டல் நன்று. இப்பரிசோதனை எந்த நோயைத் தேடுகின்றது, அந்நோயை இப்பொழுதே கண்டால் முடிவு மாறுமா என்பது முதலாவது. அந்நோய் வருவதற்கு இந்த வயதிலும் இந்தக் குடும்பத்திலும் காரணம் உண்டா என்பது இரண்டாவது. எல்லை கடந்த முடிவு வந்தால் அடுத்த படி என்ன, அதற்கு ஆகும் செலவு எவ்வளவு என்பது மூன்றாவது. மூன்றாம் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. மேலதிகப் பரிசோதனையின் உண்மையான விலை பெரும்பாலும் அங்கேதான் மறைந்திருக்கின்றது.

பணம் கொடுக்க இயலாதார்க்கும் வழி உண்டு. சுகாதார அமைச்சு 2011 ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் அமைத்துவரும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில், 35 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் நிறை, குருதியமுக்கம், குருதிச் சீனி முதலியன கட்டணமின்றிப் பார்க்கப்படுகின்றன. முதல் நாள் இரவு உணவுக்குப் பின் எட்டு மணி நேரமாவது தண்ணீர் அன்றி வேறெதுவும் அருந்தாமல் காலையிற் செல்லுதல் வேண்டும். சீனி இட்ட தேநீர் ஒரு கோப்பையே முடிவைப் பிழையாக்கிவிடும். கிடைத்த அறிக்கையைப் பத்திரப்படுத்தி அடுத்த ஆண்டு உடன் கொண்டுசெல்லுதலும் வேண்டும். சீனி 98இலிருந்து 107ஆகவும் அதிலிருந்து 118ஆகவும் மூன்று ஆண்டுகளில் ஏறிவந்துள்ளது என்னும் செய்தியை எந்த விலையுயர்ந்த ஸ்கேனும் தர மாட்டாது. மூன்று பழைய தாள்களே அதனைத் தரும்.