தந்தி வந்தது போல ஒரு பயம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். நேரில் சொல்ல வராததைத்தான் மனிதர் கடிதத்தில் எழுதுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

நேற்றிரவு சாப்பிடும்போது, "கண்டதையும் யோசியாமல் இருந்தால் எல்லாம் சரிவரும் பிள்ளை" என்றீர்கள். நான் பேசாமல் எழுந்து போய்விட்டேன். கோபத்தில் அல்ல அப்பா. இது யோசனையில் தொடங்குவதில்லை என்பதை எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல்தான்.

முதல் முறை அது வந்தது பஸ்ஸில். நெல்லியடியில் ஏறி அச்சுவேலிக் கந்தோருக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாலை என்ன கறி வைக்கலாம் என்பதுதான் மனதில் இருந்தது. வல்லை வெளியில் பஸ் போகும்போது திடீரென நெஞ்சு படபடவென அடித்தது. மூச்சு போதவில்லை. விரல்களும் உதடுகளும் விறைத்தன. பக்கத்தில் இருந்தவர்களின் பேச்சு எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. "இதோ சாகப்போகிறேன்" என்று உறுதியாக நம்பினேன். இறங்கி ஓடலாமென்றால் அந்த வெளியில் ஒரு வீடு கூட இல்லை. அச்சுவேலியில் இறங்கிக் கொஞ்ச நேரம் இருந்ததும் எல்லாம் தணிந்துவிட்டது. வெட்கம் மட்டும் மிஞ்சியது.

ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை, தைரொயிட் பரிசோதனை எல்லாம் செய்தார்கள். நெஞ்சு நோவும் மூச்சுமுட்டலும் முதல்முறை வந்தால் இதயத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. "ஒன்றுமில்லையாம்" என்று நீங்கள் மகிழ்ந்தீர்கள். ஆனால் வைத்தியர் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. இது பதகளிப்பு நோய் என்றுதான் சொன்னார்.

முன்பெல்லாம் தந்திக்காரன் படலையில் மணி அடித்தால் வீடே நடுங்கும் என்பீர்களே, நினைவிருக்கிறதா? உறையைப் பிரிக்கும் முன்னமே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்களாம். பிரித்துப் பார்த்தால் "நாளை வருகிறேன்" என்று மட்டும் இருக்குமாம். எனக்கு நடப்பதும் அதுதான். உடம்புக்குத் தந்தி வருகிறது. ஆபத்தில் ஓடித் தப்புவதற்காகச் சுரக்கும் அதிரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. உறைக்குள் செய்தி எதுவும் இல்லை. ஆனால் அந்த நடுக்கம் பொய்யல்ல. வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்துவிடும். விரல் விறைப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும்.

அதைவிடக் கொடியது அடுத்தது எப்போது வரும் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் பஸ்ஸை விட்டேன். சந்தைக்குப் போவதை விட்டேன். கோயிலில் வாசலோரம் மட்டும் நிற்கத் தொடங்கினேன்.

என் கஷ்டம் பார்க்கமாட்டாமல், இரண்டு மாதமாக நீங்கள் மோட்டார் சைக்கிளில் என்னைக் கந்தோரில் கொண்டுபோய் விடுகிறீர்கள். முழங்கால் நோவோடு, மழையிலும். அதற்கு எப்படி நன்றி சொல்வேன்? ஆனால் அப்பா, அதை இனி நிறுத்தவேண்டும். இதை எழுதத்தான் இவ்வளவு தயங்கினேன். நான் பஸ்ஸைத் தவிர்க்கும் ஒவ்வொரு நாளும், "பஸ் உண்மையிலேயே ஆபத்துத்தான், தப்பிவிட்டோம்" என்று என் மூளை படித்துக்கொள்கிறது. பயம் வந்தாலும் இறங்காமல் இருந்து, அது தானாகத் தணிவதைப் பார்த்தால்தான் அந்தப் பாடம் மாறும்.

வைத்தியர் படிப்படியாகச் செய்யச் சொல்லியிருக்கிறார். முதல் வாரம் பஸ்ஸில் நீங்கள் எனக்குப் பின்னால் இரண்டு இருக்கை தள்ளி இருங்கள். அடுத்த வாரம் எனக்கு முன்னால் போய் அச்சுவேலிச் சந்தியில் நில்லுங்கள். அதற்கடுத்த வாரம் வீட்டிலேயே இருங்கள். ஒரு படி பழகாவிட்டால் அதிலேயே இன்னும் சில நாள் நிற்போம். மாத்திரையும் தந்திருக்கிறார். அது தூக்க மாத்திரை அல்ல. குணம் தெரியச் சில வாரங்கள் செல்லும். இடையில் நானாக நிறுத்தவும் கூடாது.

வல்லை வெளியில் இருந்து நான் போன் எடுத்து அழுதால், தயவுசெய்து மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள். "பயப்படாதே" என்றும் சொல்லவேண்டாம். "வந்தது போகும், இறங்காதே, மூச்சை மெதுவாக விடு" என்று மட்டும் சொல்லுங்கள். நான் அச்சுவேலியில் இறங்கும்வரை போனை வைத்துவிடாதீர்கள்.

திங்கட்கிழமை தொடங்குவோமா அப்பா?

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்