ரெண்டு வீத வட்டி உண்மையில் எவ்வளவு?

“மாசம் நூற்றுக்கு ரெண்டு ரூபாதான் வட்டி” என்று லயத்துக்கே வந்து கடன் கொடுக்கிறார்கள். வருஷத்துக்கு 24 வீதம்தானே என்று நாமும் நினைத்து விடுகிறோம். அந்த ரெண்டு ரூபா எந்தத் தொகைக்கு என்பதுதான் கேள்வி.

ஒரு குடும்பம் 60,000 ரூபா வாங்கி 12 மாதத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

‘பிளாட் ரேட்’ என்றால் கடைசி மாதம் வரை 60,000 ரூபாவுக்கே வட்டி. மாதம் 1,200 வீதம் வருஷத்துக்கு 14,400. தவணை 6,200. பத்து மாதம் கட்டி, முதலில் 10,000 தான் பாக்கி என்றாலும் வட்டி அதே 1,200.

குறையும் மீதி முறை வேறு. மாதம் 5,000 முதல் குறையக் குறைய, மிச்சத்துக்கு மட்டுமே வட்டி. முதல் மாதம் 1,200, அடுத்து 1,100, கடைசி மாதம் 100. மொத்தம் 7,800 தான்.

பிளாட் ரேட்டின் உண்மை வட்டியை நாமே பார்க்கலாம். நம்மிடம் இருந்த கடன் முதல் மாதம் 60,000, கடைசி மாதம் 5,000. கூட்டிப் பாதியாக்கினால் சராசரி 32,500. 14,400ஐ அதனால் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறத்தாழ 44 வீதம். நுணுக்கமாகக் கணக்கிட்டாலும் 41க்குக் குறையாது.

பத்திரச் செலவென்று முன்கூட்டியே 1,500 பிடித்தால், அதையும் வட்டியோடு சேருங்கள். 49 வீதமாகிவிடும்.

ஆகவே கையெழுத்து வைக்குமுன், “வட்டி முதல் தொகைக்கா, மீதிக்கா?” என்று கேளுங்கள். தவணையை மாதக் கணக்கால் பெருக்கி, கையில் கிடைக்கும் பணத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் அந்தக் கடனின் செலவு.