உள்ளூர்த் தளம் ஓடுகிறது, வெளிநாட்டுத் தளம் தவழ்கிறது

2023 பிப்ரவரியில் வியட்நாமை உலகோடு இணைத்த ஐந்து கடலடி கேபிள்களிலும் ஒரே சமயத்தில் கோளாறு. உள்ளூர்ச் செய்தித் தளங்கள் சட்டென்று திறந்தன; அமெரிக்காவில் இருந்த தளங்களோ மாலையானால் சுற்றிக்கொண்டே நின்றன.

உள்ளூர்த் தளத்தின் சர்வர் நாட்டுக்குள்ளேயே இருப்பதால் அந்தத் தகவல் கடலைத் தொடுவதில்லை. யூடியூப் போன்றவையும் பிரபல வீடியோக்களின் நகலை உள்நாட்டிலேயே வைத்திருப்பதால் ஓரளவு தப்பின. மற்றதெல்லாம் கேபிள்களில் எஞ்சிய கொள்ளளவிலும் அண்டை நாடுகள் வழியான தரைவழி இணைப்புகளிலும் நெருக்கியடித்தது.

வீட்டுக் கோளாறா, கடல் கோளாறா? கணினியில் `ping` கட்டளையால் உள்ளூர்த் தளம் ஒன்றையும், சர்வர் வெளிநாட்டில் இருப்பது உறுதியான தளம் ஒன்றையும் சோதிக்கலாம். முதலாவது சீராகவும், மற்றது வழக்கத்தைவிடப் பல மடங்கு தாமதமாகவோ பதில்கள் தொலைந்தோ வந்தால், ரௌட்டரை மாற்றுவது வீண்செலவு.

பெரிய கோப்புகளை நெரிசல் குறையும் நள்ளிரவுக்குப் பின் இறக்கலாம். வேறு நிறுவனத்தின் சிம் வேறு கேபிளைப் பயன்படுத்தலாம் என்பதால் அதையும் முயலலாம். விபிஎன் சில நேரம் மாற்றுப் பாதை தரும். அதுவும் நெரிசலான பாதையிலேயே போனால் வேகம் இன்னும் குறையும்.

பழுதுபார்க்கும் கப்பல் வந்து, அறுந்த முனைகளைத் தூக்கி ஒட்டவைக்க வாரக்கணக்கில் ஆகும்.