கறுப்புச் சதுரம் எங்கிருந்து வருகிறது?

"சிவப்புத் திரவம் தேங்கிய குளத்தில் தூங்கும் குதிரையின் புகைப்படம்." இந்த வரியில் ஆட்சேபிக்க ஒரு சொல்கூட இல்லை. ரத்தம் என்று எங்கும் எழுதவில்லை, சாவைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் இதைப் படமாக வரையச் சொன்னால், ரத்த வெள்ளத்தில் செத்துக் கிடக்கும் குதிரை வந்து நிற்கும். 2022-இல் டால்-ஈ 2 என்னும் படம் வரையும் மென்பொருளை அறிமுகப்படுத்தியபோது, அதைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் பாதுகாப்பு ஆவணத்தில் இந்தக் குதிரையை உதாரணமாகக் காட்டியிருந்தது. தடை செய்யப்பட்ட ஒன்றைச் சொல்லாமல், பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் வேறொன்றைக் கேட்டு வாங்கிவிடலாம் என்பதுதான் அது சொன்ன செய்தி.

படம் வரைந்து தரும் சேவைகள் ஏன் இரண்டு இடங்களில் சோதனை வைக்கின்றன என்பதற்கு இந்தக் குதிரையே போதுமான விளக்கம். நாம் தட்டச்சு செய்ததை ஒருமுறை பார்க்கிறார்கள். வரைந்து முடித்த படத்தை, நம் கண்ணுக்குக் காட்டும் முன் இன்னொரு முறை பார்க்கிறார்கள். கேட்டதைச் சோதித்தாயிற்றே, படத்தை வேறு ஏன் சோதிக்க வேண்டும் என்று தோன்றலாம். கேட்டதும் கிடைத்ததும் ஒன்றல்ல என்பதால்தான்.

இது எதிர்த்திசையிலும் உண்மை. 2023-இல் டால்-ஈ 3 வந்தபோது, வரைந்த படங்களை நல்லது, கெட்டது என்று பிரிக்கும் ஒரு மென்பொருளைத் தயாரித்தார்கள். அதைப் பழக்க உதாரணப் படங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் ஆள் வைத்துப் பார்ப்பது பெரிய வேலை. அதனால் ஒரு குறுக்குவழி எடுத்தார்கள்: எந்தக் கோரிக்கையைச் சொல்-வடிகட்டி ஆபத்தானது என்று சொல்கிறதோ, அதிலிருந்து பிறந்த படத்தையும் ஆபத்தானது என்று குறித்துவிடுவது. இது சரிப்படவில்லை. ஆபத்தானவை என்று குறிக்கப்பட்ட கோரிக்கைகள் பலவற்றிலிருந்து ஒரு பழுதும் இல்லாத சாதாரணப் படங்கள் வந்திருந்தன. அந்தக் குறிப்புகளை அப்படியே வைத்துப் பழக்கினால் வடிகட்டி குழம்பும் என்பதால், தரவை மறுபடி சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

முதல் சோதனைக்கு வருவோம். மிகப் பழைய முறை, தடைச் சொற்களின் பட்டியல். பட்டியலில் உள்ள சொல் வந்தால் மறுப்பு. செய்வது சுலபம், ஏமாற்றுவதும் சுலபம். ஓர் எழுத்தை மாற்றி எழுதினால் போதும். 'மார்பு' என்பதைத் தடுத்தால் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுச் சுவரொட்டி கேட்ட மருத்துவரும் மாட்டிக்கொள்வார். அதனால் பட்டியலோடு, முழு வாக்கியத்தையும் படித்து மதிப்பெண் போடும் மென்பொருளையும் சேர்க்கிறார்கள். பாலியல், வன்முறை, வெறுப்பு, தற்காயம் என்று தலைப்புவாரியாகப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒரு எண் வரும். நிர்ணயித்த வரம்பை அது தாண்டினால் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும். இந்தச் சோதனையை முதலில் வைப்பதற்குச் செலவும் ஒரு காரணம். ஒரு வாக்கியத்தைப் படித்து மதிப்பிட கண் இமைக்கும் நேரம் போதும்; ஒரு படத்தை வரைய விலையுயர்ந்த கணிப்பொறி பல நொடிகள் முழுமூச்சாக உழைக்க வேண்டும். கடைசியில் எறியப் போகும் படத்துக்கு அந்த மின்சாரத்தைச் செலவழிப்பானேன்? பயனர் பக்கத்திலிருந்து பார்த்தால் இது ஒரு நல்ல தடயமும்கூட. பொத்தானை அழுத்திய கணமே மறுப்பு வந்தால் மாட்டியது பெரும்பாலும் உங்கள் சொற்கள். காக்க வைத்து, வரைவது போலக் காட்டி, பிறகு கையை விரித்தால் மாட்டியது படம்.

இரண்டாவது சோதனைதான் சுவாரசியமானது. பெரும்பாலான நிறுவனங்கள் அதை உள்ளே பூட்டி வைத்திருக்கின்றன. ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஒரு விதிவிலக்கு. 2022 ஆகஸ்டில் அது யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வெளியானது, படத்தைச் சோதிக்கும் நிரலோடு சேர்த்து. (இப்படி வீட்டுக் கணினியில் ஓடும் வடிவத்தில் சொற்களைச் சோதிக்கும் முதல் கட்டமே கிடையாது, இரண்டாவது மட்டும்தான்.) எனவே மூடியைத் திறந்து உள்ளே பார்க்கலாம்.

படம் வரைந்து முடிந்ததும் அது கிளிப் என்னும் இன்னொரு மென்பொருளிடம் போகிறது. கிளிப்பை 2021-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்டது. இணையத்திலிருந்து எடுத்த 40 கோடிப் படங்களையும் அவற்றின் விளக்க வரிகளையும் ஜோடி ஜோடியாகக் காட்டிப் பழக்கியது. அது படத்தை 768 எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றுகிறது. அந்த வரிசையை ஒரு திசையைக் காட்டும் அம்பாக நினைத்துக்கொள்ளலாம். ஒத்த பொருளுள்ள படங்களின் அம்புகள் ஏறக்குறைய ஒரே திசையைக் காட்டும். சொற்களையும் கிளிப் அதே வகை அம்புகளாக மாற்றும் என்பதுதான் இங்கே முக்கியம். ஆகவே ஒரு படத்தின் அம்பும் ஒரு சொல்லின் அம்பும் எவ்வளவு நெருக்கம் என்று ஒரே எண்ணில் சொல்லிவிடலாம்.

சோதனை நிரலுக்குள் 17 அம்புகள் தயாராக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தகாத கருத்து. ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு. படத்தின் அம்பை வரிசையாக 17-உடனும் ஒப்பிட்டு, கிடைத்த நெருக்கத்திலிருந்து வரம்பைக் கழிக்கிறது நிரல். ஏதாவது ஒன்றில் விடை பூஜ்யத்துக்கு மேல் போனால் படம் காலி. அதற்குப் பதில் முழுக்கக் கறுப்பான ஒரு சதுரமும் இப்படி ஒரு வரியும் வரும்:

```
Potential NSFW content was detected in one or more images. A black image will be returned instead. Try again with a different prompt and/or seed.
```

(முதலில் வெளியான நிரலில் கறுப்புச் சதுரம்கூட இல்லை. இணையக் குறும்புக்காரர்கள் இணைப்பில் ஒளித்து வைக்கும் ரிக் ஆஸ்ட்லி என்ற பாடகரின் படத்தை எடுத்து நீட்டும். யாரோ ஒரு நிரலருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.)

17-க்கு முன்னால் இன்னும் மூன்று அம்புகள் சோதிக்கப்படுகின்றன. இவை தாமாகப் படத்தைத் தடுப்பதில்லை. இவற்றில் ஒன்று பொருந்தினால், அடுத்து வரும் 17-க்கும் கண்டிப்பு 0.01 அளவு கூடுகிறது. கணக்குக்காக ஒரு கருத்தின் வரம்பு 0.20 என்று வைத்துக்கொள்வோம். கடற்கரையில் நிற்கும் பெரியவர் ஒருவரின் படத்துக்கு நெருக்கம் 0.195 வருகிறது. 0.195-இலிருந்து 0.20-ஐக் கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே, படம் தப்பித்தது. அதே 0.195 மூன்று சிறப்பு அம்புகளில் ஒன்றைத் தொட்ட படத்துக்கு வந்தால் 0.01 கூட்டப்படும், விடை 0.005, அதாவது பூஜ்யத்துக்கு மேல். படம் கறுப்பாகிவிடும். அந்த மூன்று அம்புகளும் எவை? சிறு குழந்தைகளைக் குறிப்பவை. குழந்தை இருக்கும் படத்தில் சந்தேகத்தின் பலனைத் தர மாட்டோம் என்ற முடிவு, 0.01 என்ற சின்ன எண்ணாக அங்கே உட்கார்ந்திருக்கிறது.

இந்த விவரத்தை வெளியிட்டவர்கள் நிரலை எழுதியவர்கள் அல்லர். நிரல் திறந்த நிரல்தான். ஆனால் கருத்துகள் சொற்களாக அன்றி வெறும் எண்களாக மட்டுமே வைக்கப்பட்டிருந்தன. எந்தச் சொல்லை எந்த எண்வரிசை குறிக்கிறது என்று எங்கும் எழுதவில்லை. 2022 அக்டோபரில் ராண்டோ, பலேகா, லிண்ட்னர், ஹைம், டிராமேர் ஆகிய ஐந்து ஆய்வாளர்கள், ஏராளமான ஆங்கிலச் சொற்களைக் கிளிப்பில் போட்டு, எந்தச் சொல்லின் அம்பு அந்த எண்களோடு பொருந்துகிறது என்று பார்த்துப் பூட்டைத் திறந்தார்கள். 17 கருத்துகளும் பாலியல் சார்ந்தவை. வன்முறைக்கோ ரத்தத்துக்கோ ஓர் அம்புகூட இல்லை.

ஆக, நம் குதிரை எத்தனை பயங்கரமாக வரையப்பட்டாலும் இந்தச் சோதனையைத் தாண்டிப் போக எல்லா வாய்ப்பும் இருந்தது. வடிகட்டி சரியாக வேலை செய்கிறதா என்று கேட்பதோடு நிறுத்திவிட முடியாது. எதைத் தேடும்படி அதற்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பட்டியலை மறைத்து வைத்திருந்ததால் இரண்டாவது கேள்வியை யாரும் கேட்க முடியாமல் இருந்தது. ஏமாற்றுவோருக்குப் பயந்துதான் மறைத்தார்கள் என்று வாதிடலாம். என் பார்வையில் அந்த மறைவு ஏமாற்றுவோரைவிட, சரிபார்க்க நினைத்தவர்களுக்கே அதிகத் தடையாக இருந்தது.

இந்த முறைக்கு இயல்பான சில குருட்டுப் புள்ளிகளும் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வரைவது அகலத்துக்கு 512, உயரத்துக்கு 512 புள்ளிகள் கொண்ட படம். கிளிப் பார்ப்பதோ 224-க்கு 224 ஆகச் சுருக்கிய பிரதியை. மூலையில் சின்னதாக இருக்கும் ஒன்று அந்தச் சுருக்கத்தில் கரைந்துபோகலாம். அதோடு, முழுப் படத்துக்கும் ஒரே ஒரு அம்புதான். படத்தில் பல சமாச்சாரங்கள் நெரிசலாக இருந்தால் அம்பு எல்லாவற்றுக்கும் நடுவே எங்கோ திரும்பி நிற்கும். தகாதது ஒன்று இருந்தாலும் நெருக்கம் குறைந்துவிடும். அந்த ஐந்து ஆய்வாளர்களும் இதையே செய்து காட்டினார்கள்.

மறுபக்கம், குற்றமற்ற படங்களும் மாட்டுகின்றன. இது ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. தோல் நிறமும் மெல்லிய வளைவுகளும் எங்கே சேர்ந்தாலும் இவ்வகை மென்பொருள்களுக்குச் சந்தேகம் வரும். பறிமுதல் செய்த தொலைபேசிகளை அலசும் தங்கள் மென்பொருள், பாலைவன மணல்மேட்டுப் படங்களை ஆபாசம் என்று எடுத்து நீட்டுவதாக லண்டன் மாநகரக் காவல்துறை 2017-இல் சொன்னது. உங்கள் கோரிக்கை சாதுவாக இருந்தும் கறுப்புச் சதுரம் வந்தால், அந்த ஆங்கில வரி சொல்வதைக் கேட்பதே நல்லது: கோரிக்கையை அப்படியே வைத்து, தொடக்க எண்ணை மட்டும் மாற்றி மறுபடி வரையச் சொல்லலாம். படம் வேறாக வரும், அம்பும் திரும்பும். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கறுப்பே வந்தால் குற்றம் தற்செயலானதல்ல. வாக்கியத்தில் ஏதோ ஒன்று படத்தை அந்தப் பக்கம் இழுக்கிறது.

வரம்பை இறுக்கினால் மணல்மேடு மாட்டும், தளர்த்தினால் வேறு ஏதேதோ தப்பும். எங்கே நிறுத்துவது என்பதைக் கணிதம் சொல்லாது. பள்ளிப் பிள்ளைகளுக்கான சேவைக்கும் மருத்துவப் பாடநூல் அச்சகத்துக்கும் ஒரே எண் பொருந்தாது.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. நிறுவனத்தின் கணிப்பொறியில் ஓடும் சேவையில் சோதனையைப் பயனர் தொட முடியாது. தன் வீட்டுக் கணினியில் ஓட்டுபவர் அந்தச் சோதனை நிரலை ஒரே வரியில் கழற்றிவிடலாம். பலர் வெளியான சில நாட்களிலேயே கழற்றியும் விட்டார்கள். எனவே 2022 நவம்பரில் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2.0-இல் வடிகட்டியை இன்னும் முன்னுக்குத் தள்ளினார்கள். பழக்குவதற்கான படங்களிலிருந்தே தகாதவற்றை நீக்கிவிட்டால், கழற்ற எதுவும் இருக்காது அல்லவா? ஒவ்வொரு படத்துக்கும் அது தகாததாக இருக்கும் வாய்ப்பை ஓர் எண்ணாகக் கணித்து, 0.1-ஐத் தாண்டியதையெல்லாம் ஒதுக்கினார்கள். அதில் ஒரு பாவமும் அறியாத மனிதப் படங்களும் ஏராளமாகப் போய்விட்டன. மனிதர்களைச் சரியாக வரையவில்லை என்று பயனர்கள் புகார் சொன்னார்கள். அடுத்த மாதமே 2.1 வந்தது. அதன் கடைசிக் கட்டப் பயிற்சியில் அந்த எண் 0.98.