'எனக்குக் கீழே 40 பேர்' என்றால் போதுமா? எம்.பி.ஏ. விண்ணப்பத்தில் தலைமைப் பண்பைக் காட்டுவது எப்படி?

அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் ஓராண்டு பி.ஜி.பி.எக்ஸ். படிப்புக்கு குறைந்தது 4 ஆண்டு பணி அனுபவமும், ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணும் வேண்டும். 11 ஆண்டு அனுபவமுள்ள தொழிற்சாலை மேலாளருக்கு அனுபவம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை, ரெஸ்யூமேயில் அவர் எழுதும் ஒரு வரிதான்: '40 பேர் கொண்ட குழுவை வழிநடத்தினேன்'.

இது பதவியைச் சொல்கிறது, அவர் செய்ததைச் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கீழே 40 பேர் இருக்கத்தான் செய்வார்கள்!

அதே மேலாளர், இயந்திரத்தில் அச்சு மாற்றும் நேரத்தை 90 நிமிடத்திலிருந்து 50 நிமிடமாகக் குறைத்தவர் என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்புப் பிரிவு அவருக்குக் கீழ் வராது. சூப்பர்வைசர்களோ 'இதெல்லாம் நடக்காது சார்' என்றார்கள். ஒரே ஒரு இயந்திரத்தில் இரண்டு வாரம் செய்து காட்டி, நேரத்தையும் அவர்களையே குறிக்க வைத்தார். அவர் வேறு பிரிவுக்குப் போன பிறகும் அந்த முறை தொடர்கிறது. எழுத வேண்டியது இதைத்தான். அதிகாரம் இல்லாத இடத்தில் ஆட்களைச் சம்மதிக்க வைத்ததும், அவர் போன பிறகும் மாற்றம் நிலைத்ததும்தான் சான்று.

பரிந்துரைக் கடிதத்தையும் இதை நேரில் பார்த்த மேலதிகாரியிடம் வாங்குவது நல்லது. அதிகம் பழகாத இயக்குநரைப் பிடித்தால் வெறும் பாராட்டுதான் கிடைக்கும். ஐடியா பராமரிப்பு இன்ஜினீயருடையது என்றால், அதையும் எழுதிவிடலாம். 'இதில் உங்கள் பங்கு என்ன?' என்று நேர்காணலில் கிளறும்போது, ஊதிப் பெருக்கிய கதைதான் முதலில் ஆட்டம் காணும்.