மோட்டார் பக்கத்தில் இருந்தால் வடக்கு எது?

கல்லூரி மாணவர்கள் செய்யும் சின்ன ரோவர் வண்டியை எடுத்துக்கொள்வோம். நான்கு சக்கரம், நான்கு மோட்டார், ஒரு லித்தியம் பேட்டரி, திசை அறிய ஒரு மேக்னட்டோமீட்டர். கிழக்கே போகச் சொன்னால் வண்டி தெற்குப் பக்கமாக விலகிப் போகிறது. சென்சார் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கி மாட்டுவார்கள்; அதுவும் அப்படியேதான் போகும். ஏனென்றால் சென்சார் சரியாகத்தான் அளக்கிறது. பூமியின் காந்தப்புலத்தோடு வண்டியின் காந்தப்புலத்தையும் சேர்த்து அளக்கிறது, அவ்வளவுதான்.

பூமியின் புலம் மிகவும் மெல்லியது. சென்னையில் கிடைமட்டமாகச் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்தின் முகப்பில் இதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கும். நல்லவேளை, அது தூரம் கூடக்கூட வேகமாகக் குறையும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும்.

வண்டியைச் சமதளத்தில் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, சென்சார் தரும் எக்ஸ், ஒய் என்ற இரு அளவுகளையும் வரைபடத்தாளில் புள்ளிகளாக வைத்தால் கோளாறு கண்ணுக்கே தெரியும். இடையூறு எதுவும் இல்லையென்றால் தாளின் நடுவை மையமாகக் கொண்ட வட்டம் கிடைக்க வேண்டும். மோட்டார் காந்தம், ஸ்பீக்கர், காந்தமேறிய திருகாணி போன்றவை வண்டியோடு சேர்ந்தே திரும்புவதால், எந்தத் திசையிலும் ஒரே அளவைக் கூட்டுகின்றன. அதனால் வட்டம் அப்படியே ஒரு பக்கம் நகர்ந்துவிடும். இது ஹார்டு அயர்ன் பிழை. சாதாரண இரும்புத் தகடோ வேறு வகை. தனக்கென்று காந்தம் இல்லாவிட்டாலும் அது பூமியின் புலத்தைத் தன் பக்கம் இழுத்து வளைக்கும். வண்டி திரும்பும்போது அந்த வளைவும் மாறுவதால் வட்டம் நசுங்கி நீள்வட்டமாகும். இது சாஃப்ட் அயர்ன் பிழை.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு சுற்றில் எக்ஸ் அளவு −20 முதல் 52 வரையும், ஒய் அளவு −54 முதல் 34 வரையும் போனதாக வைத்துக்கொள்வோம். இரு முனைகளின் நடுப்புள்ளிதான் மையம்: எக்ஸில் 16, ஒய்யில் −10. வட்டம் நகர்ந்த தூரம் இது. நீளத்தில் பாதி எக்ஸில் 36, ஒய்யில் 44, சராசரி 40. ஆகவே ஒவ்வோர் அளவிலிருந்தும் மையத்தைக் கழித்துவிட்டு, எக்ஸை 1.11ஆலும் ஒய்யை 0.91ஆலும் பெருக்க வேண்டும். திருத்துவதற்கு முன் 16, 34 என்ற அளவு 65 டிகிரி என்று காட்டும். திருத்தியபின் அது 90. வேறொரு திசையில், 52, −10 என்ற இடத்தில், பிழை 11 டிகிரிதான். திசைக்குத் திசை பிழை மாறுவதால், 'எப்போதும் 25 டிகிரி கூட்டிக்கொள்' என்று நிரலில் எழுதித் தப்பிக்க முடியாது.

நீள்வட்டம் சாய்வாகக் கிடந்தால் இந்த எளிய கணக்கு போதாது. ட்ரோன்போல மேலும் கீழும் சாயும் கருவியை எல்லாப் பக்கமும் புரட்டிப் புள்ளிகளைச் சேர்த்து, அவற்றுக்கு ஒரு நீள்கோளத்தைப் பொருத்த வேண்டியிருக்கும். செல்போனை எட்டு வடிவில் சுழற்றச் சொல்வது இதற்காகத்தான்.

வண்டியோடு சேர்ந்து திரும்புகிற, அளவு மாறாத இடையூறுக்கு மட்டுமே இந்தத் திருத்தம் உதவும். இதை மறந்தவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். தரைக்குள் இருக்கும் கட்டுக்கம்பியும் இரும்பு மேசையும் வண்டியோடு திரும்புவதில்லை. அவற்றின்மேல் வைத்துச் சுற்றினால் தவறான எண்களே கிடைக்கும். பேட்டரியும் திருகாணிகளும் தத்தம் இடத்தில் பூட்டப்பட்டபின், திறந்த மண் தரையில் செய்வதே நல்லது. பிறகு ஒரு சுற்று சுற்றும்போது திருத்திய புலத்தின் மொத்த அளவு எந்தத் திசையிலும் 40 அருகிலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறி இறங்கினால் மறுபடி செய்ய வேண்டியதுதான்.

மோட்டாருக்குப் போகும் மின்னோட்டம் இன்னும் தொல்லையானது. தனியாக ஓடும் நீளமான கம்பியில் 20 ஆம்பியர் பாய்ந்தால், 10 சென்டிமீட்டர் தள்ளி அதன் புலம் 40 மைக்ரோடெஸ்லா, அதாவது பூமியின் அளவேதான். வேகம் மாற மாற இதுவும் மாறும். கண்டுபிடிப்பது எளிது: சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி வேகத்தைக் கூட்டுங்கள். வண்டி அசையாமல் இருக்கும்போதே திசை எண் நகர்ந்தால் காரணம் மின்னோட்டம்தான். பேட்டரியின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், எதிரெதிரே பாயும் மின்னோட்டங்களின் புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதோடு சென்சாரை ஒரு பிளாஸ்டிக் கம்பத்தில் உயர்த்தி, பித்தளை அல்லது நைலான் திருகாணியால் பூட்ட வேண்டும். மிச்சமிருப்பதை மின்னோட்டத்தோடு பொருத்திக் கழிக்கும் வசதி ஆர்டுபைலட் போன்ற மென்பொருளில் உண்டு. ஆனால் கம்பத்தை வைத்தபின் அது தேவைப்படாமலே போகலாம்.

இதே வண்டியை லண்டனுக்குக் கொண்டுபோனால் பிழை பெரிதாகும். அங்கே பூமியின் புலம் செங்குத்தாகச் சரிந்திருப்பதால் கிடைமட்டப் பகுதி சுமார் 20 மைக்ரோடெஸ்லாதான். நம் ஊரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய மிச்சப் பிழை அங்கே இரண்டு மடங்காகத் தெரியும்.