125 பீஸில் 7 பழுது

திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுத் தலைவர் லிங்க்ட்இன் தளத்துக்காக ஒரு வீடியோ எடுத்து வைத்திருந்தார். எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லி எனக்கு அனுப்பினார். இடுப்புக்கு மேல் மட்டும் தெரிய ஒருவர் கேமராவைப் பார்த்துப் பேசும் இந்த வகைக்கு, தொழிலில் ‘டாக்கிங் ஹெட்’ என்று பெயர். அவருடையது நான்கு நிமிடம் ஓடியது. “வணக்கம், என் பெயர்…” என்று தொடங்கி, பதவி, அனுபவம், இன்று பேசப்போகும் தலைப்பு எல்லாம் சொல்லி முடிக்க 18 விநாடி ஆகியிருந்தது. அந்த 18 விநாடிக்குள் நானே ஒரு முறை கைபேசியின் மேல்மூலையில் நேரம் பார்த்தேன்.

அந்தத் தளத்தில் வீடியோவுக்கு மேலேயே பேசுபவரின் பெயரும் படமும் பதவியும் எழுத்தில் நிற்கின்றன. பார்ப்பவர் அதைப் படித்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார். அதையே மறுபடி வாயால் சொல்வது, கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு உரக்க வாசித்தும் காட்டுவது போல. இன்னொரு சிக்கலும் உண்டு. விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது வீடியோ பெரும்பாலும் சத்தமில்லாமல் தானாக ஓடத் தொடங்கும். முதல் வரி காதுக்குப் போவதற்கு முன்னால் கண்ணுக்குத்தான் போகிறது. அதனால் அது திரையில் எழுத்தாக வரும்போது ஒரே பார்வையில் படித்து முடிக்கிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும்.

முதல் வரியைத் தேடுவதற்கு முன் வாதத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் வீடியோவில் ஐந்து கருத்துகள் இருந்தன: பயிற்சி, இயந்திரப் பராமரிப்பு, பதிவேடு, இறுதிப் பரிசோதனை, மேலாண்மையின் ஆதரவு. ஒவ்வொன்றும் சரிதான். ஆனால் எதையும் யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்க ஆளில்லாத கருத்தை வாதம் என்று சொல்ல முடியாது. அதைக் கேட்கிறவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

“அண்ணா, ஆபீஸ்ல யார்கூட அதிகமாச் சண்டை போடுவீங்க?” என்று கேட்டேன்.

“மெர்ச்சண்டைசர்கூடத்தான் தம்பி. கடைசியில செக் பண்ணிக்கலாம், லைனை நிறுத்தாதீங்கம்பாரு. கடைசியில என்னத்தைங்க பார்க்கறது? ஊசி மழுங்குன அன்னிக்கே பார்த்திருக்கோணும்.”

வாதம் கிடைத்துவிட்டது. இறுதிப் பரிசோதனையை நம்பித் தரத்தைக் காக்க முடியாது, தையல் ஓடும்போதே லைனில் பார்க்க வேண்டும். மற்ற நான்கையும் எடுத்துவிட்டோம். அவருக்கு மனமே வரவில்லை, 20 வருட அனுபவம் ஆயிற்றே. ஆனால் 90 விநாடி வீடியோவில் அவர் நிதானத்துக்குப் பேசினால் சுமார் 150 தமிழ்ச் சொற்கள்தான் அடங்கும். ஐந்து கருத்துக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 30 சொல். அதில் காரணம் சொல்லவும் இடமில்லை, ஒரு சம்பவம் சொல்லவும் இடமில்லை.

முதல் வரிக்கு அவர் முதலில் எழுதிக் கொண்டுவந்தது: “ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ஒரு ஏமாற்று வேலை.” காரம் இருந்தது, உண்மை இல்லை. இறுதிப் பரிசோதனை செய்கிறவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, விதிப்படி செய்கிறார்கள். அந்த வரியோடு தொடங்கினால் மீதி 80 விநாடியும் அதை நியாயப்படுத்துவதிலேயே போகும். கடைசிவரை நியாயப்படுத்தவும் முடியாது. பார்ப்பவர்களில் இன்ஸ்பெக்டர்களும் இருப்பார்கள். அவர்கள் முதல் வரியிலேயே எதிரிகளாகிவிடுவார்கள்.

அப்படியானால் அந்த விதி என்னதான் சொல்கிறது என்று கேட்டேன். தொழிலில் ஏ.க்யூ.எல் 2.5 என்கிற மாதிரிப் பரிசோதனை அட்டவணையை விளக்கினார். வழக்கமான நிலையில், 3,000 பீஸ் உள்ள சரக்கில் 125 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். 7 பழுது வரைக்கும் சரக்கு பாஸ், எட்டாவது வந்தால் ஃபெயில். இதை அவர் விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதல் வரி வந்து விழுந்தது.

“125 பீஸில் 7 பழுது இருந்தாலும் சரக்கு பாஸ்.”

துறைக்கு வெளியே இருப்பவருக்கு அது திகைப்பு. துறைக்குள் இருப்பவருக்குத் தெரிந்த கணக்கு, ஆனால் யாரும் இப்படி முகத்துக்கு நேரே சொல்லிக் கேட்டதில்லை. நல்ல முதல் வரிக்கு நான் வைத்துக்கொள்ளும் சோதனை இதுதான்: அடுத்த வரி என்ன என்று கேட்கத் தோன்ற வேண்டும், எந்த நிபுணர் வந்து சரிபார்த்தாலும் அது நிற்கவும் வேண்டும்.

அடுத்து ஒரே ஒரு ஆதாரம். நூற்றுக்கு ஐந்து பீஸ் பழுதான சரக்கு, அதாவது 3,000-ல் 150 பழுது உள்ள சரக்கு, இந்தப் பரிசோதனையில் சுமார் பத்தில் ஏழு தடவை பாஸ் ஆகிவிடும். பிறகு ஒரே ஒரு சம்பவம்: ஒரு மிஷினில் மழுங்கிய ஊசி, தோள்பட்டைத் தையலோரம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள், துவைத்த பிறகு அவை விரிந்தது. பிறகு ஓர் எல்லை. பையர் கேட்கும் இறுதிப் பரிசோதனையை நிறுத்தச் சொல்லவில்லை, அதற்கு முன்னால் லைனில் பாருங்கள் என்கிறேன் என்று அவரே சொன்னார். அந்த ஒரு வரியை வெட்டிவிடலாமா என்று கேட்டார். நான் விடவில்லை. வாதத்தின் எல்லையைச் சொல்பவரைத்தான் அதே தொழிலில் இருப்பவர் நம்புவார்.

படம்பிடித்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் கண்ணாடிச் சுவர் போட்ட மீட்டிங் அறையில் எடுத்திருந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அறைக்குள் ஒரு முறை கைதட்டிப் பார்த்தால் போதும்; ஓசை வால் நீண்டு கேட்டால் அங்கே எடுக்கக் கூடாது. துணிக் குடோனுக்குப் போனோம். சுற்றிலும் பனியன் துணி உருளைகள். எதிரொலியை எல்லாம் துணி குடித்துவிட்டது, பின்னணியும் அவர் தொழிலையே சொன்னது. ஜன்னலைப் பார்த்தபடி அவரை நிற்கவைத்தேன். ஃபேனை நிறுத்தினோம். காலர் மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே குத்தினோம். கைபேசியின் பின்பக்கக் கேமரா அவர் கண் உயரத்தில் இருந்தது.

முழுவதையும் மனப்பாடம் செய்து வந்திருந்ததால் முதல் மூன்று டேக்கும் பள்ளிப் பேச்சுப் போட்டி போல ஆனது. பிறகு முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நடுவில் கைபேசிக்குப் பின்னால் நின்று நான் கேள்வி கேட்டேன், லென்ஸைப் பார்த்து அவர் பதில் சொன்னார். என் கேள்விகளைப் பின்னால் வெட்டிவிட்டோம். ஊசிக் கதைக்கு வரும்போது அவர் குரல் தானாகவே தாழ்ந்தது. அதை எந்த எழுத்துப் பிரதியும் கொண்டுவந்திருக்காது.

அவர் ஆங்கிலத்தில் எடுக்க நினைத்திருந்தார், பையர்களும் பார்ப்பார்களே என்று. தமிழில் பேசவைத்து ஆங்கில வரிகளை எழுத்தாகப் போட்டோம், ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வராமல். சத்தமில்லாமல் பார்ப்பவருக்கு எப்படியும் எழுத்துத் தேவைதானே.

வெளியிட்டதும் அவர் பார்வை எண்ணிக்கையை எண்ணத் தொடங்கினார். தானாகச் சில விநாடி ஓடினாலே அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால் அதை நம்ப வேண்டாம் என்றேன். சராசரியாக எத்தனை விநாடி பார்த்தார்கள், யார் என்ன எழுதினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். “அருமை சார்” என்று பத்து பேர் எழுதியிருந்தார்கள். பதினொன்றாவதாக வேறொரு நிறுவனத்தின் புரொடக்‌ஷன் மேனேஜர் எழுதியிருந்தார்: “லைனில் நின்று பார்க்க ஆள் எங்கே கிடைக்கிறது? நான்கு லைனுக்கு ஒரு செக்கர்தான் எனக்கு.”

இரவு பத்து மணிக்கு அண்ணா என்னைக் கூப்பிட்டார். “தம்பி, அவர் கேட்டது நியாயந்தானுங்களே. நாலு லைனுக்கு ஒரே செக்கரை வெச்சு எப்படிப் பார்க்கறதுன்னு அடுத்ததைப் பேசிரட்டுமா?”